நைட் டூட்டிக்காரருக்கு 1-0-1 எத்தனை மணிக்கு?

என் கடைக்கு வரும் மருந்துச் சீட்டுகளில் முக்கால்வாசியில் மணிக்கணக்கே இருக்காது. 1-0-1 என்றிருக்கும், இல்லாவிட்டால் 1-0-0. முதல் எண் காலை, நடு எண் மதியம், கடைசி எண் ராத்திரி. வாலாஜாவில் பன்னிரண்டு வருஷமாக மெடிக்கல் ஷாப் நடத்துகிறேன். கவரின் மேல் "காலை", "இரவு" என்று எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. யாருடைய காலை என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. போன சித்திரையில் என் தாய்மாமா விஷயத்தில்தான் யோசிக்க வேண்டி வந்தது.

மாமாவுக்கு 54 வயது. ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் கம்பெனியில் நிரந்தர நைட் டூட்டி. ராத்திரி 10 மணிக்கு ஏறினால் காலை 6 மணிக்கு இறங்குவார். ஞாயிறு ராத்திரி மட்டும் லீவு. வீட்டுக்கு வந்து ஏழு மணிக்கு இரண்டு இட்லி, எட்டு மணிக்குத் தூக்கம். மதியம் இரண்டு மணிக்கு எழுந்து, இரண்டரைக்கு வயிறாரச் சாப்பாடு. ராத்திரி எட்டு மணிக்கு இன்னொரு சாப்பாடு, ஒன்பதே காலுக்கு மொபெட்டை எடுத்துவிடுவார். வேலை நடுவில் ராத்திரி ஒரு மணிக்கு டிபன் பாக்ஸ், விடியற்காலை நாலு மணிக்கு டீயும் பொறையும்.

அன்று பதினொரு மணி இருக்கும். அத்தை போன் செய்தார். "தம்பி, உங்க மாமா எழுப்பினா என்னென்னவோ பேசறாரு, தலகாணியெல்லாம் தண்ணி மாதிரி நனைஞ்சிருக்கு." வெயிலில் வியர்த்திருக்கும் என்றுதான் அத்தை முதலில் விட்டிருக்கிறார். சித்திரை மாசம், மேலே தகர ஷீட். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். குளுக்கோமீட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். 54 காட்டியது. 70-க்குக் கீழே போனாலே லோ சுகர். விழுங்கும் நிலையில் இருந்தார் என்பதால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்த்தால் 83. அதன்பிறகு சோறு. நினைவே இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அப்படி இருந்திருந்தால் 108-க்குத்தான் போன் போட்டிருப்பேன்.

அவருடைய சீட்டில் இருந்தவை மூன்று மாத்திரைகள். கிளிமிபிரைடு 1 மி.கி.யும், மெதுவாகக் கரையும் வகையான மெட்ஃபார்மின் எஸ்.ஆர். 500 மி.கி.யும் ஒன்றாகச் சேர்ந்த சுகர் மாத்திரை, சாப்பாட்டுக்கு முன் 1-0-1. டெல்மிசார்டனோடு ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்த பிரஷர் மாத்திரை 1-0-0. கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின் 0-0-1. சாதாரண சீட்டுதான், இதுபோல் நாளைக்கு இருபது பார்க்கிறேன். காலை ஏழு மணிக்கு இட்லிக்கு முன் சுகர் மாத்திரை, இட்லி முடிந்ததும் பிரஷர் மாத்திரை. கவரில் என் கையெழுத்திலேயே "காலை" என்று இருந்தது. அவர் தப்பேதும் செய்யவில்லை.

கிளிமிபிரைடு கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. போட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு உச்சத்துக்குப் போகும், வேலை ஒரு நாள் வரைக்கும் இழுக்கும். அதனால்தான் அதை அந்த நாளின் முதல் பெரிய சாப்பாட்டோடு போடச் சொல்வது. பகலில் வேலை செய்பவருக்கு அது காலை டிபன். அதற்கப்புறம் அவர் நடப்பார், பத்தரைக்கு டீ குடிப்பார், ஒரு மணிக்குச் சாப்பிடுவார். மாமாவுக்கோ அந்த உச்சம் வரும்போது இரண்டு இட்லியோடு தூக்கம், அடுத்த வாய்ச் சோறு மதியம் இரண்டரைக்கு. கூட இருக்கும் மெட்ஃபார்மின் அப்பாவி. அது தனியாக இருந்தால் சுகரை இந்த அளவுக்கு இறக்குவது அபூர்வம்.

இதற்குள் இன்னொரு முடிச்சும் இருந்தது. முதலில் அவருக்கு இந்த மாத்திரை ராத்திரி மட்டும்தான். வெறும் வயிற்று டெஸ்ட் 172 வந்ததைப் பார்த்துத்தான் டாக்டர் காலைக்கும் சேர்த்தார். மாமா அந்த ரத்தத்தை எப்போது கொடுத்தார்? டூட்டி முடிந்து நேராக லேபுக்குப் போய், காலை ஆறரைக்கு. ஒரு மணிக்கு எலுமிச்சை சாதம், நாலு மணிக்குச் சர்க்கரை போட்ட டீ, இரண்டு பொறை. லேபில் கேட்டபோது "இன்னும் டிபன் சாப்பிடலை" என்றிருக்கிறார். பொய்யில்லை. ஆனால் அது வெறும் வயிறும் இல்லை. குறைந்தது எட்டு மணி நேரம் வாயில் எதுவும் படாமல் இருக்க வேண்டும். அவருக்கு அதற்குக் கிட்டத்தட்ட பொருந்தும் நேரம் மதியம் தூங்கி எழுந்தவுடன் இரண்டு மணிதான். நைட் டூட்டிக்காரர்கள் வெறும் வயிற்று எண்ணை மட்டும் நம்பி மருந்தைக் கூட்டிக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. மூன்று மாசச் சராசரி சொல்லும் எச்பிஏ1சி டெஸ்ட்டை எந்த மணிக்கு எடுத்தாலும் ஒன்றுதான், அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மாமா நைட் டூட்டி பார்க்கிறார் என்பதே டாக்டருக்குத் தெரியாது. அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. மறுபடி டாக்டரைப் பார்ப்பதற்கு முந்தின ராத்திரி நானும் மாமாவும் உட்கார்ந்து, நேரத்தை மாற்ற எத்தனை வழி இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தோம். நாலு தேறியது.

முதல் வழி, கடிகாரத்தை மாற்றாமல் இருக்கிறபடியே விடுவது. இதில் ஒரு நன்மை உண்டு. லீவு நாளிலும் அதே நேரம், வீட்டில் எல்லாரும் மாத்திரை போடும்போது இவரும் போடுவார், மறக்காது. நாள் முழுக்க ஒரே சீராக வேலை செய்யும் மருந்துகளுக்கு இது போதும். டெல்மிசார்டன், அம்லோடிபின் போன்ற பிரஷர் மருந்துகள் உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு நாள், சிலது அதற்கும் மேலே ஆகும். பிரிட்டனில் 21,104 பேரை வைத்து நடந்த டைம் என்ற ஆய்வு 2022-ல் வெளிவந்தது. பிரஷர் மாத்திரையைக் காலையில் போட்டாலும் மாலையில் போட்டாலும் மாரடைப்பு, பக்கவாதம் வரும் அளவில் வித்தியாசம் இல்லை என்பது அதன் முடிவு. அடோர்வாஸ்டாடினும் அப்படித்தான், எந்த நேரமும் சரி. (சிம்வாஸ்டாடின் மட்டும் ராத்திரியில், அது சீக்கிரம் கரைந்துவிடும்.)

ஆனால் மாமாவின் பிரஷர் மாத்திரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு நீர் பிரியும் மருந்து. போட்ட இரண்டு மணி நேரத்தில் ஆரம்பித்து, நாலு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். ஏழரைக்குப் போட்டால் ஒன்பதரைக்கு ஒரு தடவை, பதினொன்றுக்கு ஒரு தடவை தூக்கத்திலிருந்து எழுந்து போக வேண்டும். "வயசாச்சு, அதான்" என்று அவரே ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவும் பகல் தூக்கம், தெருவில் காய்கறி வண்டி சத்தத்தில் ஏற்கெனவே பாதி கெட்டது. ஆக முதல் வழியில் மூன்று மாத்திரையில் இரண்டு அடிபட்டுப் போயின.

இரண்டாவது வழி, தலைகீழாகத் திருப்புவது. எழுந்ததும் காலை, படுக்குமுன் ராத்திரி. "நான் ரெண்டு மணிக்கு எழுந்தா எனக்கு அதாண்டா காலை ஆறு. எல்லாத்தையும் அப்படியே எட்டு மணி நேரம் தள்ளிட்டா முடிஞ்சுது" என்றார் மாமா. கேட்க நியாயமாக இருக்கும். பெரும்பாலான நைட் டூட்டிக்காரர்கள் தாங்களாகச் செய்துகொள்வதும் இதுதான். பிரஷர் மாத்திரைக்கு இது நன்றாகப் பொருந்துகிறது: மதியம் இரண்டரைக்குப் போட்டால் ஆறரைக்கு உச்சம், விழித்திருக்கும் நேரம். தூக்கத்துக்குத் தொந்தரவில்லை.

சுகர் மாத்திரையில்தான் இது சறுக்குகிறது. காலை மாத்திரை மதியத்துக்குப் போய்விட்டது, சரி. ராத்திரி மாத்திரை எங்கே போகும்? படுப்பதற்கு முன் சாப்பிடும் அந்த இரண்டு இட்லிக்கு, காலை ஏழு மணிக்கு. அதாவது சுற்றிச் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறோம். முதலில் "காலை" என்ற பெயரில் இருந்த மாத்திரை இப்போது "ராத்திரி" என்ற பெயரில் அதே இட்லிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் இன்னும் மோசம். லீவு நாளில் மனுஷன் ராத்திரி தூங்கிப் பகலில் விழித்திருக்கிறார். அன்று அவருடைய காலை எது? ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு ஒன்று போட்டு, திங்கள் காலை எழுந்து இன்னொன்று போட்டு, டூட்டி நாள் என்று மதியம் மூன்றாவதையும் போட்டுவிட வாய்ப்பிருக்கிறது. கிளிமிபிரைடில் ஒரு வேளை தவறினால் அன்றைக்கு சுகர் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால்தான் ஆபத்து.

மூன்றாவது வழிக்கு நாங்கள் வந்தது ஒரு சின்னக் கேள்வியால். டூட்டி நாளிலும் லீவு நாளிலும் மாமா நிச்சயமாக விழித்திருந்து, நிச்சயமாக வயிறு நிறையச் சாப்பிடும் நேரங்கள் எவை? அத்தைதான் உடனே சொன்னார்: மதியச் சாப்பாடு, ராத்திரி எட்டு மணிச் சாப்பாடு. லீவு நாளில் மதியச் சாப்பாடு ஒன்றரைக்கு வரும், அவ்வளவுதான் வித்தியாசம். காலை ஏழு மணி இட்லி ஒரு நாள் உண்டு, ஒரு நாள் இல்லை. களைப்பில் வெறும் டீயோடு படுத்துவிடுவதும் உண்டு. அப்படியானால் அந்த ஏழு மணிக்கு எந்த மருந்தும் இருக்கக் கூடாது. எல்லாம் அந்த இரண்டு சாப்பாட்டில் போய்த் தொங்க வேண்டும்.

இதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனோம். தினசரி அட்டவணையைப் பார்த்ததும் அவர் செய்த முதல் காரியம், சேர்ந்திருந்த மாத்திரையைப் பிரித்தது. கிளிமிபிரைடு 1 மி.கி. ஒரு வேளை மட்டும், மெட்ஃபார்மினோடு சேர்த்து, மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன். ராத்திரி எட்டு மணிச் சாப்பாட்டோடு மெட்ஃபார்மின் எஸ்.ஆர். 500 மட்டும் தனியாக. இரண்டரைக்கும் எட்டுக்கும் இடையில் ஐந்தரை மணி நேரம்தானே இருக்கிறது என்று நான் கேட்டேன். மெட்ஃபார்மின் எஸ்.ஆரை மொத்தமாக ஒரே சாப்பாட்டோடு போடுபவர்களே இருக்கிறார்கள், அதில் பயமில்லை என்றார். கிளிமிபிரைடு இரண்டு வேளையும் இருந்திருந்தால்தான் அந்த இடைவெளி தொந்தரவு. பிரஷர் மாத்திரை மதியச் சாப்பாட்டுக்குப் பின். அடோர்வாஸ்டாடின் இருந்த இடத்திலேயே, எட்டு மணிக்கு.

மாற்றும் நாளில்தான் பலர் தடுமாறுகிறார்கள், அதனால் அதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். சனிக்கிழமை காலை ஏழரைக்குப் பழைய முறைப்படி பிரஷர் மாத்திரை போட்டார். அன்று மதியமே புது நேரத்துக்கு இன்னொன்று போடவில்லை. ஞாயிறு மதியம் போட்டார். முப்பது மணி நேரம் இடைவெளி விழுந்தது. டெல்மிசார்டன் மெதுவாக இறங்கும் மருந்து என்பதால் ஒரு நாளைக்கு அது தாங்கும். சுகர் மாத்திரை சனி ராத்திரி எட்டு மணியோடு பழையது முடிந்தது, ஞாயிறு காலை ஏழு மணிக்கு எதுவும் இல்லை, ஞாயிறு மதியம் புதியது. நேரம் மாற்றும்போது இப்படித் தள்ளிப் போடுவதா, நெருக்கிப் போடுவதா என்பது மருந்துக்கு மருந்து மாறும். உங்கள் சீட்டுக்கு எது என்று டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும். லீவு நாளில் ஆரம்பித்ததும் நல்லதாகப் போயிற்று, பக்கத்தில் ஆள் இருந்தது.

முதல் மூன்று நாள் நாலு தடவை குளுக்கோமீட்டர் வைத்துப் பார்த்தோம்: எழுந்ததும், மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரத்தில், டூட்டியில் ஒரு மணி டிபனுக்கு முன், காலை படுக்குமுன். டூட்டியில் பார்த்ததுதான் சிரமம், கையைச் சுத்தமாகக் கழுவாமல் குத்தினால் எண் தப்பாக வரும். மூன்றாம் நாள் எண்கள் 124, 181, 138, 131. சாப்பாட்டுக்குப் பின்னால் கொஞ்சம் அதிகம்தான், 180-க்குள் இருந்தால் நல்லது. அதற்காக மாத்திரையைக் கூட்டவில்லை. டாக்டர் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைக்கச் சொன்னார். அத்தை ஒரு கரண்டி குறைத்தார், மாமா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

படுத்த பிறகு லோ சுகர் வருகிறதா என்பதை எண்ணை விட அத்தைதான் நன்றாகக் கண்டுபிடிப்பார். நனைந்த தலையணை, கெட்ட கனவில் புலம்புவது, எழுந்தவுடன் தலைவலி. மின்விசிறி ஓடியும் கழுத்துப் பக்கம் மட்டும் சில்லென்று வியர்த்திருந்தால் எழுப்பிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். டூட்டியில் வந்தால் கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி. அதற்குச் சட்டைப் பையில் குளுக்கோஸ் பொடி. மாமா முதலில் வைத்திருந்தது ஆற்காடு மக்கன் பேடா! "இனிப்புதானேடா" என்றார். இனிப்புதான், ஆனால் கோவாவும் நெய்யும் அதில் இருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் ஏற விடாமல் தாமதப்படுத்தும். அந்த நிமிஷத்துக்குத் தேவை கொழுப்பில்லாத வெறும் சர்க்கரை. அப்புறம், கிளிமிபிரைடால் வந்த லோ சுகர் ஒரு தடவை சரியானதும் போய்விடாது, சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரலாம். சர்க்கரைத் தண்ணீரோடு நிறுத்தாமல் சோறோ இட்லியோ சாப்பிட்டு, அன்று முழுக்கக் கவனமாக இருக்க வேண்டும். சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

நாலாவது வழி, நேரத்தோடு மல்லுக்கட்டாமல் மருந்தையே மாற்றுவது. கிளிமிபிரைடுக்குப் பதிலாக சிட்டாகிளிப்டின் போல ஒன்று. சாப்பாடு ஏறினால்தான் இந்த வகை மருந்து முழு வேகத்தில் வேலை செய்யும். தனியாகவோ மெட்ஃபார்மினோடோ போட்டால் லோ சுகர் வருவது குறைவு. ஒரு நாளைக்கு ஒரு வேளை, சாப்பாட்டுக்கு முன்னாலும் சரி பின்னாலும் சரி. முன்பெல்லாம் விலையைச் சொன்னாலே ஆட்கள் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். 2022-ல் காப்புரிமை முடிந்த பின் பல கம்பெனிகள் போட ஆரம்பித்து விலை நன்றாக இறங்கிவிட்டது. இருந்தாலும் கிளிமிபிரைடு அளவுக்கு மலிவில்லை, சுகரை இறக்கும் வேகமும் அதைவிடக் கொஞ்சம் மட்டு.

மாமாவுக்கு டூட்டி நேரம் மாறுவதே இல்லை என்பதால் டாக்டர் மூன்றாவது வழியிலேயே நின்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஆனால் சிப்காட்டில் பாதிப் பேருக்கு வாரா வாரம் ஷிஃப்ட் மாறும்: ஒரு வாரம் காலை 6 முதல் 2, அடுத்த வாரம் 2 முதல் 10, அதற்கடுத்த வாரம் ராத்திரி. அவர்களுக்குச் சாப்பாட்டு நேரமே வாரத்துக்கு வாரம் நகர்கிறது, எதில் கட்டித் தொங்கவிடுவது? அவர்களாக இருந்தால் நான் நாலாவது வழியைப் பற்றித்தான் டாக்டரிடம் முதலில் கேட்பேன், செலவு கூடினாலும். மூன்று ஷிஃப்டிலும் விழித்திருக்கும் பொதுவான நேரம் பார்த்தால் மதியம் மூன்றிலிருந்து ராத்திரி ஒன்பது வரை வரும். மாலை ஏழு மணிக்குப் போனில் ஒரு அலாரம், எந்த ஷிஃப்ட் ஆனாலும் அதேதான். இரண்டாவது ஷிஃப்ட் வாரத்தில் மட்டும் அட்டையைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

நைட் டூட்டி நர்ஸ் பெண்கள் கடையில் அடிக்கடி கேட்பது தைராய்டு மாத்திரை. தைராக்ஸின் உடம்பில் பாதியாகவே ஒரு வாரம் ஆகும், ஆகவே கடிகாரம் முக்கியமில்லை. வெறும் வயிறுதான் முக்கியம். தூங்கி எழுந்ததும் போட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் காபி கூடக் குடிக்காமல் இருக்கலாம். இல்லை, கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்குமுன் போடலாம். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் நாலு மணி நேரம் தள்ளி.

இன்சுலின், வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மருந்து, ஸ்டீராய்டு இவற்றில் என்னைப் போன்ற கடைக்காரன் சொன்னான் என்றுகூட ஒரு மணி நேரம் நகர்த்தாதீர்கள். வலிப்புக்காரருக்குத் தூக்கம் கெடுவதே வலிப்பைக் கூப்பிடும். அவர் நைட் டூட்டி பார்க்கலாமா என்பதே டாக்டர் சொல்ல வேண்டிய விஷயம்.

இப்போது கடையில் கவர் எழுதுமுன் "என்ன டூட்டி?" என்று கேட்கிறேன். மாமாவின் கவரில் "காலை", "இரவு" இல்லை; "மதியச் சாப்பாடு", "8 மணிச் சாப்பாடு" என்று இருக்கிறது. ஒரு மாசம் கழித்து அவர் வீட்டு மருந்து டப்பாவைத் துழாவியபோது, புது அட்டைகளுக்கு அடியில் பழைய அட்டை ஒன்று பதினோரு மாத்திரையோடு கிடந்தது. ராத்திரி போடுகிற தனி மெட்ஃபார்மின் அட்டையும் அதே வெள்ளிக் கலர், தாளில் எழுத்து மட்டும்தான் வேறு. கண்ணாடி போடாமல் எடுத்தால் எட்டு மணிக்கு மறுபடி கிளிமிபிரைடுதான் வயிற்றுக்குள் போகும். "காசு கொடுத்து வாங்கினதுடா, அவசரத்துக்கு இருக்கட்டும்" என்றார் மாமா. பதிலே சொல்லாமல் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.